படம் வந்துவிட்டது, பார்வை வந்ததா? – போடே பிளாட்டுக்காக ஒரு சண்டை

"போடி பிளாட்" என்று கல்லூரிப் பையன்கள் சொல்லக் கேட்டால், போடிநாயக்கனூரில் யாரோ மனை விற்கிறார்கள் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். இது வேறு பிளாட். ஹெண்ட்ரிக் போடே என்ற அமெரிக்கப் பொறியாளர், பெல் லேபரட்டரீஸில் தொலைபேசி ஆம்ப்ளிஃபயர்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த காலத்தில் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு ஜோடிப் படம். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் எல்லோரும் செமிலாக் தாளில் இதை ஒரு தடவையாவது வரைந்திருப்பார்கள். பரீட்சைக்குப் பிறகு மறந்தும் இருப்பார்கள்.

இப்போது இதைக் கையால் வரையச் சொல்வதே வீண் வேலை என்று ஒரு கூட்டம் பேசுகிறது. அவர்களில் ஆசிரியர்களும் உண்டு என்பதால்தான் இந்தப் பதிவு. அவர்கள் கட்சியை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கணினியில் மூன்று வரி தட்டினால் படம் வந்துவிடுகிறது:

```
s = tf('s');
L = 400/(s*(s+2)*(s+20));
margin(L)
```

கையால் வரைந்தால் நேர்கோடுகள், அதாவது தோராயம். கணினி தருவதோ துல்லியமான வளைவு. "கையில் கால்குலேட்டர் இருக்கும்போது கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டுவீர்களா சார்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்பீடு தப்பு. கிளார்க்ஸ் டேபிளும் கால்குலேட்டரும் ஒரே விடையைத் தருகின்றன. கையால் வரைந்த போடே படமும் கணினியின் படமும் தருவது ஒரே விடை அல்ல. ஒன்று மொத்தத் தொகையை மட்டும் சொல்கிறது. மற்றது எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதிய மளிகைக்கடைச் சிட்டை. மாதக் கடைசியில் பணம் ஏன் பற்றவில்லை என்று பார்க்க உங்களுக்கு எது வேண்டும்?

வாதம் செய்வதற்கு முன்னால், மேலே உள்ள அந்த உதாரணத்தையே பென்சிலால் போட்டுப் பார்த்துவிடுவோம். படித்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு சிஸ்டத்தின் உள்ளே ஒரு சைன் அலையை அனுப்பினால் வெளியேயும் ஒரு சைன் அலைதான் வரும். அதன் உயரம் மாறியிருக்கும், வந்து சேரும் நேரமும் பிந்தியிருக்கும். உயரம் எத்தனை மடங்கு மாறியது என்பது கெயின். எவ்வளவு பிந்தியது என்பது ஃபேஸ். இதைக் கோணமாகச் சொல்வது வழக்கம். மெதுவான அலையிலிருந்து வேகமான அலை வரை இந்த இரண்டும் எப்படி மாறுகின்றன என்பதை மேலும் கீழுமாக இரண்டு படங்களில் போட்டால் அதுதான் போடே பிளாட்.

ஃபேஸ் ஏன் முக்கியம் என்பதற்கு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் எதிரே வரும்போது கையால் தடுத்தால் ஆட்டம் அடங்கும். தடுக்கிற கை அரைச் சுற்று பிந்திப் போனால், ஊஞ்சல் விலகிப் போகும்போது அதைத் தள்ளுகிறோம் என்று ஆகிவிடும். கட்டுப்படுத்த வைத்த கையே ஆட்டத்தை வளர்க்கும். அரைச் சுற்று என்பது 180 டிகிரி. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கெயின் சரியாக 1 ஆக இருக்கும் இடத்தில் ஃபேஸ் −180ஐத் தொட இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது? அந்தப் பாக்கிக்குப் பெயர் ஃபேஸ் மார்ஜின்.

இனி நம் உதாரணம். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் 400/(s(s+2)(s+20)). கீழே இருப்பவை போல்கள். ஒன்று 0வில், ஒன்று −2இல், ஒன்று −20இல்.

முதல் வேலை, அடைப்புக்குள் இருக்கும் 2ஐயும் 20ஐயும் வெளியே எடுப்பது. 2 × 20 = 40. 400ஐ 40ஆல் வகுத்தால் 10. ஆக நம் ஃபங்ஷன் இப்படி ஆகிறது:

10/(s(1+s/2)(1+s/20))

பரீட்சையில் பாதிப்பேர் வழுக்கி விழுவது இந்தப் படியில்தான். 400ஐ அப்படியே எடுத்துக்கொண்டு 52 டெசிபலில் ஆரம்பிப்பார்கள். உண்மையில் ஆரம்பிக்க வேண்டியது 20 டெசிபலில், ஏனென்றால் 10 மடங்கு என்றால் 20 டெசிபல். இந்த 32 டெசிபல் வித்தியாசத்தில் கோடு 0 டெசிபலை வெட்டும் இடம் 4.5இலிருந்து 25 பக்கம் ஓடிவிடும். அங்கே ஃபேஸ் −180ஐத் தாண்டி எங்கோ போயிருக்கும். சிஸ்டம் தறிகெட்டு ஆடும் என்று தீர்ப்பு எழுதி, இல்லாத வியாதிக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது பென்சிலை எடுப்போம். அடிமட்டத்தில் விநாடிக்கு 1 ரேடியன் என்ற இடத்தில் 20 டெசிபலில் ஒரு புள்ளி. 0வில் இருக்கும் போலின் வேலை, கோட்டை ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 20 டெசிபல் வீதம் கீழே இறக்குவது. பத்து மடங்கு என்பதைத்தான் டெகேட் என்கிறோம். 2 என்ற இடத்துக்கு வரும்போது கோடு 14 டெசிபலுக்கு இறங்கியிருக்கும். இரண்டு மடங்குக்கு 6 டெசிபல் என்பது கணக்கு. அங்கே அடுத்த போல் விழித்துக்கொள்கிறது. கோட்டின் சரிவு −20இலிருந்து −40 ஆகிறது. இந்தச் சரிவில் போனால் கோடு எங்கே 0 டெசிபலைத் தொடும்? இந்தப் பகுதியில் கெயின் 20/ω² என்று ஆகிறது; ω²=20 என்றால் ω சுமார் 4.5. அதற்கு அப்பால் 20 என்ற இடத்தில் மூன்றாவது போலும் சேர்ந்து சரிவு −60 ஆகிறது. கெயின் படம் முடிந்தது. மூன்று கோடு, இரண்டு முனை.

ஃபேஸ் படமும் நேர்கோடுதான். 0வில் இருக்கும் போல் எப்போதும் 90 டிகிரியைத் தின்றுகொண்டிருக்கும். மற்ற போல்கள் ஒவ்வொன்றும் தன் முனைக்குப் பத்தில் ஒரு பங்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்து, முனையில் 45 டிகிரி எடுத்து, பத்து மடங்கு தாண்டியதும் முழு 90ஐயும் எடுத்துக்கொள்ளும். ஆக 2இல் இருக்கும் போல் 0.2இலிருந்து 20 வரை, 20இல் இருக்கும் போல் 2இலிருந்து 200 வரை. டெகேடுக்கு 45 டிகிரி சரிவு.

4.5 என்ற இடத்தில் கணக்கைப் படியுங்கள். 0வின் போல் எடுத்தது 90. 2இன் போல் எடுத்தது 61. 20இன் போல் எடுத்தது 16. கூட்டினால் 167. ஃபேஸ் மார்ஜின் 13 டிகிரி.

கணினி என்ன சொல்கிறது? கெயின் 1 ஆகும் இடம் 4.2, ஃபேஸ் மார்ஜின் 13.6 டிகிரி. மூன்று கோடும் ஒரு கூட்டலும் போட்ட பென்சில், அந்தத் துல்லியமான வளைவுக்கு ஒரு டிகிரி பக்கத்தில் வந்து நிற்கிறது.

"அதுதான் நாங்களும் சொல்கிறோம், விடை ஒன்றுதானே, பிறகு எதற்கு இத்தனை பாடு?" என்பார்கள். பொறுங்கள். மார்ஜின் 13 என்று தெரிந்துவிட்டது. இது போதாது. இப்படி ஒரு சிஸ்டம், தட்டிவிட்டால் அடங்குவதற்குள் பல தடவை ஆடும். இதைச் சரிசெய்ய வேண்டும். எங்கே கை வைப்பீர்கள்?

கணினியின் படத்தில் ஒரு வழுவழுப்பான வளைவு இருக்கிறது, ஓரத்தில் ஒரு எண் இருக்கிறது. அந்த வளைவில் மூன்று போல்களும் சர்பத்தில் கரைந்த சர்க்கரை மாதிரி. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே இன்றைய பையன் என்ன செய்கிறான்? கெயினை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கிறான். பிறகு ஏதோ ஒரு ஜீரோவைச் சேர்த்து அதை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கிறான். எண் 50ஐத் தாண்டினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். இதற்குப் பெயர் டிசைன் அல்ல, குலுக்கல் சீட்டு.

பென்சிலால் வரைந்தவனுக்கு இந்தக் குலுக்கல் தேவையில்லை. அவன் சிட்டையில் 61 டிகிரி எடுத்த பெரிய செலவாளி யார் என்று எழுதியிருக்கிறது: 2இன் போல். 0 டெசிபலைக் கோடு −40 சரிவில் வெட்டுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. −40 சரிவு நெடுந்தூரம் நீடித்தால் ஃபேஸ் −180ஐ நெருங்கும். −20 சரிவு நீடித்தால் −90 பக்கம் நிற்கும். வெட்டும் இடத்தில் சரிவை −20க்குக் கொண்டுவா என்பதுதான் வைத்தியம். அதற்கு வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், 4 என்ற இடத்தில், ஒரு ஜீரோ வேண்டும். ஜீரோ என்பது போலுக்கு நேர் எதிர். சரிவை 20 தூக்கிவிடும், ஃபேஸைத் திருப்பிக் கொடுக்கும். தனி ஜீரோவை எந்தச் சர்க்யூட்டிலும் செய்ய முடியாது என்பதால் தூரத்தில் 40இல் ஒரு போலையும் சேர்த்தாக வேண்டும். படித்தவர்கள் இதை லீட் காம்பன்சேட்டர் என்பார்கள்.

புதுப் படத்தில் கோடு 5 என்ற இடத்தில் வெட்டுகிறது. சிட்டையை மறுபடி எழுதுவோம். செலவு: 90, 63, 18, புதுப் போலுக்கு 4. வரவு: ஜீரோ கொடுத்தது 49. நிகரம் −126. மார்ஜின் 54. கணினியில் போட்டுப் பாருங்கள், 51 டிகிரி வரும். ஒரே முயற்சியில், காரணத்தோடு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய சிஸ்டத்தில் ஃபேஸ் −180 ஆகும் இடம் 6.3. அங்கே கெயின் −6.8 டெசிபல். அதாவது கெயின் மார்ஜின் 6.8. "6 டெசிபலுக்கு மேல் இருந்தால் போதும்" என்று பாடப்புத்தகச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் இதற்கு நல்ல சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிடுவான். ஃபேஸ் மார்ஜினோ வெறும் 13. படத்தைப் பார்த்தவனுக்கு ஏன் என்று புரியும்: கோடு செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கிறது, ஃபேஸோ −180க்குப் பக்கத்தில் படுத்தபடி மெதுவாக ஊர்கிறது. 4.2க்கும் 6.3க்கும் நடுவில் ஃபேஸ் நகர்ந்தது 13 டிகிரிதான், கெயின் இறங்கியதோ 6.8 டெசிபல். ஓர் எண்ணை மட்டும் படிப்பவன் ஏமாறுவான்.

இதுவரை சொன்னது சண்டையின் சின்னப் பாதி. பெரிய பாதிக்கு இப்போது வருகிறேன்.

அந்த 4இல் இருக்கும் ஜீரோவை (1+s/4) என்று எழுதினோம். அதை (1−s/4) என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரே ஒரு குறி. ஜீரோ இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவுகிறது. கெயின் படத்தில் இதனால் ஒரு நூலிழை மாற்றமும் இருக்காது. அதே முனை, அதே சரிவு, அதே 5இல் வெட்டு. ஆனால் ஃபேஸ் படத்தில் வரவாக இருந்த 49 டிகிரி செலவாக மாறிவிடும். சிட்டை: 90, 63, 18, 4, 49. மொத்தம் −224. 180ஐத் தாண்டி 44 டிகிரி. இந்த சிஸ்டத்தில் லூப்பை மூடினால் ஆட்டம் அடங்காது, வளரும்.

"இப்படி ஒரு வலப்பக்க ஜீரோ நிஜத்தில் எங்கே இருக்கிறது, இதெல்லாம் பேராசிரியர்கள் கற்பனை" என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்படியிலேயே அதன் சாயல் இருக்கிறது. பால் பொங்கி வரும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் என்ன ஆகிறது? பாத்திரத்துக்குள் சரக்கு கூடியிருக்கிறது, ஆனால் மட்டம் இறங்குகிறது. அனல் மின் நிலையத்தில் பாய்லர் டிரம்மிலும் இதே கதைதான். நீர்மட்டம் குறைகிறது என்று ஃபீட் வாட்டரை அதிகப்படுத்தினால், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் நீரை விடக் குளிர்ந்த நீர் போய்ச் சேருகிறது. நீராவிக் குமிழிகள் சுருங்குகின்றன. மட்டம் கூட வேண்டியதற்குப் பதில் முதலில் இன்னும் இறங்கும், பிறகுதான் ஏறும். இதை ஷ்ரிங்க் என்போம். இந்த "முதலில் எதிர்த்திசை, பிறகு சரியான திசை" என்ற குணம்தான் கணக்கில் வலப்பக்க ஜீரோவாக வந்து உட்காருகிறது.

நான் வேலை பார்த்த நிலையங்களில் ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். டிரம் லெவல் கன்ட்ரோலர் மந்தமாக இருக்கிறது, கெயினைக் கூட்டலாம் என்று ஓர் இளம் பொறியாளர் அச்செடுத்த போடே படத்தோடு கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். படம் பளபளவென்று இருந்தது, மார்ஜினும் தாராளமாக இருந்தது. டெஸ்கில் இருந்த மூத்த ஆபரேட்டர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உங்க படத்துல தண்ணி விட்டா லெவல் முதல்ல ஏறுதா, இறங்குதா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தம்பிக்குப் பதில் தெரியவில்லை. மாடலைத் திறந்து பார்த்தபோது ஜீரோவின் குறி பிளஸ் என்று இருந்தது. கெயின் படத்தைச் சோதனை அளவீடுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், அச்சாகப் பொருந்தியிருக்கிறது. பொருந்தத்தானே செய்யும்? குறி எதுவானாலும் கெயின் ஒன்றுதானே. ஃபேஸை யாரும் ஒப்பிடவில்லை.

அதே மாடலை நம்பிக் கெயினைக் கூட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டம் இறங்கியதும் கன்ட்ரோலர் தண்ணீரைத் திறக்கும், அதனாலேயே மட்டம் மேலும் இறங்கும், அது இன்னும் திறக்கும். பிறகு அத்தனை தண்ணீரும் சூடேறி மட்டம் மேலே பாயும். மட்டம் ரொம்பக் கீழே போனால் குழாய்களுக்கு நீர் இல்லாமல் காய்ந்துபோகும் ஆபத்து, ரொம்ப மேலே போனால் நீராவியோடு நீரும் டர்பைனுக்குப் போகும் ஆபத்து. இரண்டு பக்கமும் டிரிப் வைத்திருப்பது அதனால்தான். நீர்மட்டத்தை மட்டும் நம்பாமல், வெளியேறும் நீராவியையும் உள்ளே வரும் நீரையும் சேர்த்து அளந்து ஓட்டுகிற த்ரீ எலிமென்ட் கன்ட்ரோல் என்ற ஏற்பாடு வந்ததற்கும் இந்தக் குமிழிகளின் விளையாட்டு ஒரு முக்கியமான காரணம்.

இப்போது என் கேள்வி இதுதான். அந்த பிளஸ், மைனஸ் தப்பைக் கணினி கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. நீங்கள் பிளஸ் போட்டால் பிளஸ்ஸுக்கான படம், மைனஸ் போட்டால் மைனஸ்ஸுக்கான படம். இரண்டும் ஒரே அழகு. போதாக்குறைக்கு, ஃபேஸில் ஒரு முழுச் சுற்றைக் கூட்டினாலும் கழித்தாலும் கணக்குப்படி ஒன்றுதான் என்பதால், சில நேரம் −90 என்று ஆரம்பிக்க வேண்டிய படத்தை 270 என்று ஆரம்பித்துக் காட்டும். அடியில் ஒரே ஒரு s இருந்தால் ஃபேஸ் −90இல் ஆரம்பிக்க வேண்டும் என்று கையால் வரைந்து பழகியவன் சிரித்துவிட்டு 360ஐக் கழித்துக்கொள்வான். பழகாதவன் 270ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

கையால் வரைந்தவனுக்கு ஒரு சின்ன விதி மனத்தில் பதிந்திருக்கும். கெயின் கோடு ஒரு முனையில் மட்டுப்பட்டால், அதாவது −40இலிருந்து −20க்கு வந்தால், அங்கே ஃபேஸ் மேலே ஏற வேண்டும். கெயின் மட்டுப்படுகிறது, ஃபேஸோ இறங்குகிறது என்றால் அங்கே வலப்பக்க ஜீரோவைச் சந்தேகப்பட வேண்டும். மேலும் கீழுமாக இருக்கிற இரண்டு படங்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் படிப்பது என்பது இதுதான். போடே 1940இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையமே கெயினுக்கும் ஃபேஸுக்கும் உள்ள இந்த உறவு. 1945இல் வந்த அவருடைய புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. வலப்பக்கத்தில் எதுவும் இல்லாத சிஸ்டத்துக்குத்தான் கெயினின் சரிவை வைத்து ஃபேஸைச் சொல்ல முடியும். அந்த நிபந்தனையை மறந்துவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் டிரம் காலியாகும்.

கட்சி மாறிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கையால் வரைவதை ஆதரிக்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. நம் கல்லூரிகளில் பல வருடங்களாக நடப்பது என்ன? கெயினுக்கு மட்டும் நேர்கோடு. ஃபேஸுக்கு ஒரு நீண்ட அட்டவணை. பத்துப் பதினைந்து ஃப்ரீக்வென்சிக்குக் கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டு, புள்ளி வைத்து, கையால் இழுத்து இணைப்பார்கள். அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் மொத்தத்தை மட்டும்தான் எடுத்துப் படத்தில் வைப்பார்கள். இது கையால் வரைவது அல்ல, கணினி செய்யும் வேலையை மெதுவாகச் செய்வது. இதைக் கணினியிடம் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நானும் கை தட்டுவேன். நான் காப்பாற்றச் சொல்வது அந்த அட்டவணையை அல்ல. ஒவ்வொரு போலும் ஜீரோவும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கிறது என்ற அந்த நான்கைந்து நேர்கோடுகளை.

நேர்கோட்டுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லாவிட்டால் என் வாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். தனிப் போலின் முனையில் கெயின் கோடு உண்மையிலிருந்து 3 டெசிபல் தள்ளி நிற்கும். ஃபேஸ் கோடு அதிகபட்சம் 6 டிகிரிக்குள் தப்பும். இதை வைத்துக்கொண்டு வாழலாம். ஆனால் போல்கள் ஜோடியாக, டாம்பிங் குறைவாக வரும்போது நேர்கோடு பொய்யே சொல்லும். டாம்பிங் ரேஷியோ 0.05 என்றால் முனையில் உண்மையான கெயின் கோட்டுக்கு மேலே 20 டெசிபல், அதாவது 10 மடங்கு, கோபுரம் போல எழும்பும். கோடு 0 டெசிபலுக்குக் கீழே பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கும். உண்மை வளைவு எழும்பி மறுபடியும் 0வை வெட்டியிருக்கும். நீளமான ஷாஃப்ட், மெலிந்த கை கொண்ட இயந்திரம் என்று ஆடக்கூடியது எது இருந்தாலும் அங்கே கணினியின் வளைவைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் அங்கேயும், எந்த இடத்தில் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வது பென்சில்தான்.

ஆகவே கணினியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் ஐந்து நிமிடம் பென்சில். போல், ஜீரோவை எழுது. முனைகளை அடிக்கோட்டில் குறி. நேர்கோடுகளைப் போடு. வெட்டும் இடத்தில் வரவு செலவுச் சிட்டையை எழுது. பிறகு கணினியைத் திற. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அதைவிட நல்லது. ஒன்று நீ கணக்கில் தப்பியிருக்கிறாய், அல்லது தட்டும்போது தப்பியிருக்கிறாய், அல்லது நேர்கோடு தாங்காத ஏதோ ஒன்று அந்த சிஸ்டத்தில் இருக்கிறது. மூன்றில் எது என்று தேடிப் போகிற அந்த நேரத்தில்தான் பையன் பொறியாளன் ஆகிறான். கணினியை மட்டும் திறந்தவனுக்கு ஒத்துப்பார்க்க எதுவுமே இல்லை, வந்ததுதான் விடை.

பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கீழ்க்கண்ட டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கு போடே படம் வரைக" என்ற பழைய கேள்வியை விட்டுவிடுங்கள். அதைக் கணினி எழுதிவிடும். படத்தை நீங்களே கொடுங்கள். ஒரே கெயின் படம், இரண்டு வேறு ஃபேஸ் படங்கள். "இரண்டில் எது பாய்லர் டிரம்? ஏன்? எந்த ஜீரோ, எந்தப் பக்கம், எத்தனை டிகிரியைப் பறித்தது?" என்று கேளுங்கள். மார்ஜின் எவ்வளவு என்று கேட்காதீர்கள்; அதை யார் தின்றார்கள் என்று கேளுங்கள். பதில் ஐந்து வரிதான் இருக்கும். திருத்த உங்களுக்கும் சுலபம்.